கோர் லாஸ் 1380 வாட் வருகிறது, 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரைத் திரும்பப் பிரிக்க வேண்டுமா?

பீன்யா_செல்வம் · வெள்ளி, இரவு 9.10

வணக்கம். பெங்களூர் பீன்யாவில் ஒரு ரிப்பேர் பட்டறையில் டெஸ்டிங் பார்க்கிறேன். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எனக்கு முன்னால் பார்த்தவர் ஊருக்குப் போய்விட்டதால், இப்போது மேஜையில் நான் மட்டும்தான்.

எரிந்துபோய் வந்த ஒரு 100 கேவிஏ, 11000/433 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்கு ஹெச்வி, எல்வி இரண்டும் புதிதாகக் கட்டினோம். காப்பர் வைண்டிங். பழைய கோரையே திரும்ப அடுக்கியிருக்கிறோம். நேம் பிளேட்டில் நோ-லோட் லாஸ் 260 வாட், லோட் லாஸ் 75 டிகிரியில் 1760 வாட், இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் என்று இருக்கிறது.

ஓபன் சர்க்யூட் டெஸ்ட்டில் எல்வி பக்கம் வேரியாக் வழியாக 433 வோல்ட் கொடுத்தேன், ஹெச்வி திறந்திருந்தது. மூன்று ஃபேஸ் கரண்டின் சராசரி 3.2 ஆம்பியர். இரண்டு வாட்மீட்டர் போட்டதில் ஒன்று 825, இன்னொன்று 555. மொத்தம் 1380 வாட்.

ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட்டில் எல்வியை ஷார்ட் செய்து ஹெச்வியில் 415 வோல்ட் கொடுத்தேன். 4.4 ஆம்பியர் ஓடியது. வாட்மீட்டர்கள் 1465, 213. மொத்தம் 1678.

கோர் லாஸ் பிளேட்டில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு. அடுக்கும்போது தகடு கெட்டுப்போய்விட்டது, மேல் யோக்கைப் பிரித்துத் திரும்ப அடுக்கு என்கிறார் முதலாளி. அது இரண்டு நாள் வேலை, பார்ட்டி திங்கள்கிழமை வருகிறார். பிரிக்கும் முன் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

---

பொம்மசந்திரா_மேரி · வெள்ளி, இரவு 9.45

முதலாளி சொல்வதில் நியாயம் இருக்கிறது தம்பி. நான் இருபது வருஷமாக வைண்டிங் செக்‌ஷனில் இருக்கிறேன். மேல் யோக் தகடுகளை அவசரத்தில் சுத்தியலால் தட்டித் தட்டி உட்கார வைப்பார்கள். ஓரம் மடங்கிப் பிசிறு வரும், தகடுக்குத் தகடு மேல்பூச்சு உரசிப் போகும். கோர் போல்ட்டைச் சுற்றியிருக்கும் பேப்பர் குழாய் கிழிந்தாலும் அதே கதைதான், தகடுகளுக்கு நடுவே கரண்ட் சுற்ற வழி கிடைத்துவிடும்.

பிரிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். 433 வோல்ட்டிலேயே மூன்று மணி நேரம் ஓட விட்டுத் தொட்டுப் பாருங்கள். தொடுவது டேங்க்கைத்தான். ஹெச்வி புஷ்ஷிங் பக்கம் போகவே கூடாது. எல்வியில் 433 கொடுத்தால் அங்கே முழு 11000 வோல்ட் நிற்கும். ஒயர் எதுவும் மாட்டவில்லையே என்று நினைத்துப் பக்கத்தில் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாலு பக்கமும் கயிறு கட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும்.

---

கார்த்திக்_ஃபைனல்இயர் · வெள்ளி, இரவு 10.20

செல்வம் அண்ணா, எங்கள் காலேஜ் லேபில் போன மாதம்தான் இதைச் செய்தோம். சிங்கிள் ஃபேஸ், 230/115. ஓபன் சர்க்யூட்டை எந்தப் பக்கம் செய்தாலும் லாஸ் ஒன்றாகத்தான் வந்தது. அதனால் ஹெச்வி பக்கமும் ஒருமுறை செய்து பார்க்கலாமே?

இன்னொன்று. ஷார்ட் சர்க்யூட் ரீடிங்கில் கோர் லாஸும் சேர்ந்திருக்கும், அதைக் கழிக்க வேண்டும். 1678-இல் 1380 போனால் 298 வாட்தான் மிச்சம். அது ரொம்பக் குறைவு, அதனால் ஷார்ட் சர்க்யூட் ரீடிங்கும் தப்பு என்று நினைக்கிறேன்.

---

அல்சூர்_பாஸ்கர் · வெள்ளி, இரவு 10.40

எங்கள் வீட்டு ஸ்டெபிலைசர் ராத்திரி முழுக்க உர்ரென்று சத்தம் போடுகிறது. ஏசி ஓடாத நேரத்திலும் தொட்டால் சூடாக இருக்கிறது. இந்த கோர் லாஸ் என்பது இதுதானா? கரண்ட் பில்லில் ஏறுமா?

---

ராஜாஜிநகர்_வரதன் · சனி, காலை 6.30

செல்வம், யோக்கைத் தொடாதீர்கள். முதலில் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

இரண்டு வாட்மீட்டர் முள்ளும் தானாகவே முன்னால் போனதா, அல்லது ஒன்று பின்னால் அடித்ததால் பிரஷர் காயில் ஒயரை மாற்றிப் போட்டீர்களா?

எல்வி நியூட்ரலை சப்ளை நியூட்ரலோடு சேர்த்திருந்தீர்களா?

பாஸ்கர் சார், ஆமாம், நீங்கள் சொல்வது கோர் லாஸ்தான். பிளக்கில் இருக்கும் வரை லோட் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொண்டே இருக்கும், பில்லிலும் ஏறும். ஏசி வேண்டாத மாதங்களில் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

---

பீன்யா_செல்வம் · சனி, காலை 8.05

சார், நியூட்ரல் சேர்க்கவில்லை, மூன்று ஒயர் மட்டும்தான். இரண்டாவது மீட்டரின் முள் பின்னால் அடித்தது. முன்னால் இருந்தவர் அப்போது ஒயரை மாற்றிப் போடுவார், நானும் அதையே செய்தேன். இரண்டு டெஸ்ட்டிலும் அப்படித்தான் நடந்தது.

---

ராஜாஜிநகர்_வரதன் · சனி, காலை 8.40

நினைத்தேன். ஒயரை மாற்றிப் போட்டதில் தவறில்லை, முள்ளைப் படிக்க வேறு வழி கிடையாது. ஆனால் மாற்றிய பிறகு அந்த ரீடிங்கைக் கழிக்க வேண்டும். நீங்கள் கூட்டிவிட்டீர்கள்.

825-இல் 555 போனால் 270. அதுதான் உங்கள் கோர் லாஸ்.

இது ஏன் என்று சொல்கிறேன். இரண்டு வாட்மீட்டர் முறையில் பவர் ஃபேக்டர் 0.5-க்குக் கீழே இறங்கினால் ஒரு மீட்டர் நெகட்டிவ் ஆகிவிடும். லோட் இல்லாத டிரான்ஸ்பார்மர் இழுக்கும் கரண்டில் பெரும்பகுதி கோரைக் காந்தமாக்கத்தான் போகிறது, வாட் ஆக மாறுவது கொஞ்சம்தான். உங்கள் கணக்கில் 433 வோல்ட், 3.2 ஆம்பியர் என்றால் 2400 விஏ. அதில் 270 வாட் என்றால் பவர் ஃபேக்டர் 0.11. இவ்வளவு கீழே இருக்கும்போது இரண்டாவது மீட்டர் பின்னால் அடிப்பதுதான் இயல்பு. அடிக்காமல் இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

என் வார்த்தையை மட்டும் நம்பிக் கழிக்க வேண்டாம். கனெக்‌ஷனே தலைகீழாக இருந்தாலும் முள் பின்னால்தான் அடிக்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. டிரான்ஸ்பார்மரைக் கழற்றிவிட்டு, அதே மீட்டர், அதே ஒயரிங்கில் மூன்று ஃபேஸுக்கும் சமமாக ஹீட்டர் காயில்களை மாட்டுங்கள். ஹீட்டர் பவர் ஃபேக்டர் ஒன்று, அதனால் இரண்டு முள்ளும் முன்னால் போக வேண்டும், ஏறக்குறைய ஒரே அளவும் காட்ட வேண்டும். அப்படி இருந்தால் ஒயரிங் சரி. பிறகு டிரான்ஸ்பார்மரை மாட்டும்போது எந்த முள் பின்னால் போகிறதோ அது நிஜமாகவே நெகட்டிவ்.

கார்த்திக், உங்கள் லேப் மிஷினில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒன்றுதான், அது சரி. இங்கே ஹெச்வி பக்கம் ஓபன் சர்க்யூட் செய்ய 11000 வோல்ட் சப்ளை வேண்டும், பட்டறையில் அதற்கு எங்கே போவது? ஷார்ட் சர்க்யூட்டில் கோர் லாஸ் சேர்ந்திருக்கும் என்பதும் கொள்கையளவில் உண்மைதான். எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று பாருங்கள். 11000 வேண்டிய இடத்தில் 415 வோல்ட்தான் கொடுத்திருக்கிறார், நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லை. கோர் லாஸ் ஏறக்குறைய வோல்டேஜின் வர்க்கத்தில் போகும். 270 வாட் அங்கே அரை வாட்கூடத் தேறாது, கழிக்க ஒன்றுமில்லை. ஓபன் சர்க்யூட்டில் காப்பர் லாஸும் அப்படித்தான், 3.2 ஆம்பியர் அந்தத் தடித்த எல்வி வைண்டிங்கில் அரை வாட்கூட எரிக்காது. ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரு லாஸை மட்டும் தனியாகப் பிடித்துக் கொடுப்பது இதனால்தான்.

---

பீன்யா_செல்வம் · சனி, மதியம் 1.15

ஹீட்டர் மாட்டிப் பார்த்தேன் சார். இரண்டு முள்ளும் முன்னால்தான் போனது, இரண்டுக்கும் வித்தியாசம் பத்து வாட்கூட இல்லை. டிரான்ஸ்பார்மரைத் திரும்ப மாட்டியதும் இரண்டாவது முள் சீரோவைத் தாண்டிப் பின்னால் போய் அங்கிருந்த பின்னில் இடித்து நின்றது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யோக் வேலைக்கு வரச் சொல்லியிருந்த ஆளுக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார்.

---

பொம்மசந்திரா_மேரி · சனி, மதியம் 2.00

கணக்கு புரிந்தது, சந்தோஷம். ஆனால் அந்த 270-ஐ எவ்வளவு நம்பலாம் சார்? இரண்டு பெரிய எண்ணைக் கழித்துத்தானே ஒரு சின்ன எண் வருகிறது. தராசில் லாரியை டிரைவரோடு ஒருமுறை, டிரைவர் இல்லாமல் ஒருமுறை எடை போட்டு டிரைவரின் எடையைச் சொல்வது போல இருக்கிறது.

---

ராஜாஜிநகர்_வரதன் · சனி, மாலை 4.30

மேரி மேடம் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். செல்வம், உங்கள் மீட்டர் என்ன ரேஞ்ச், என்ன கிளாஸ்?

---

பீன்யா_செல்வம் · சனி, மாலை 4.50

600 வோல்ட், 5 ஆம்பியர், யூபிஎஃப், 0.5 கிளாஸ். அலமாரியில் எல்பிஎஃப் மீட்டரும் மூன்று இருக்கிறது. 0.2 பவர் ஃபேக்டர், 300/600 வோல்ட். யாரும் எடுத்ததில்லை.

---

ராஜாஜிநகர்_வரதன் · சனி, மாலை 5.40

நல்லதாகப் போயிற்று.

யூபிஎஃப் மீட்டரில் முழு ஸ்கேல் 3000 வாட். 0.5 கிளாஸ் என்றால் முழு ஸ்கேலில் அரை சதவீதம், அதாவது 15 வாட் வரை தவறலாம். இரண்டு மீட்டரும் எதிரெதிர்த் திசையில் தவறினால் 30 வாட். உங்கள் 270 என்பது 240-ஆகவும் இருக்கலாம், 300-ஆகவும் இருக்கலாம். கோர் கெடவில்லை என்று சொல்ல இது போதும். பிளேட்டில் உள்ள 260-ஓடு ஒப்பிடப் போதாது.

எல்பிஎஃப் மீட்டரை இதே இரண்டு மீட்டர் முறையில் போட்டால் அடிவாங்கும். 600 வோல்ட், 5 ஆம்பியர், 0.2 என்றால் முழு ஸ்கேல் 600 வாட், உங்கள் முதல் மீட்டருக்கோ 825 வருகிறது. அதனால் மூன்று வாட்மீட்டர் முறைக்குப் போங்கள். எல்வி ஸ்டார்தானே, நியூட்ரல் புஷ்ஷிங் வெளியே இருக்கிறது. ஒவ்வொரு மீட்டரின் பிரஷர் காயிலையும் அதனதன் ஃபேஸுக்கும் அந்த நியூட்ரலுக்கும் நடுவே 300 வோல்ட் ரேஞ்சில் மாட்டுங்கள். முழு ஸ்கேல் 300 வாட், ஒவ்வொன்றிலும் நூறை ஒட்டித்தான் வரும். தவறு மீட்டருக்கு ஒன்றரை வாட், மூன்றுக்கும் சேர்த்து ஐந்துக்குள். கழிக்கும் வேலை அநேகமாக இருக்காது, கூட்டினால் போதும்.

மூன்றும் ஒரே அளவு காட்டாது, பயப்படாதீர்கள். நடு லிம்புக்குக் காந்தப் பாதை குட்டை, அதனால் அந்த ஃபேஸ் கரண்ட் குறைவாக இருக்கும். வாட்டும் மூன்றிலும் ஏறியிறங்கும். மொத்தம்தான் கணக்கு.

---

கார்த்திக்_ஃபைனல்இயர் · சனி, இரவு 7.10

அப்போது ஷார்ட் சர்க்யூட் ரீடிங்கும் 1465-இல் 213 கழித்து 1252 வாட். 4.4 ஆம்பியரில் எடுத்தது. ஹெச்வி முழுக் கரண்ட் 5.25 ஆம்பியர். வர்க்கத்தில் ஏற்றினால் 1.424 மடங்கு, 1782 வாட். பிளேட்டில் 1760. வோல்டேஜை 5.25-க்கு ஏற்றினால் 495 வருகிறது, அது 11000-இல் சரியாக 4.5 சதவீதம். பிளேட்டோடு ஒத்துப்போகிறது. அண்ணா, எல்லாம் சரி, டெலிவரி கொடுத்துவிடலாம்!

---

ராஜாஜிநகர்_வரதன் · சனி, இரவு 8.00

கூட்டல் கழித்தல் எல்லாம் சரி கார்த்திக். ஒன்றைக் கவனிக்கவில்லை. பிளேட்டில் உள்ள 1760 என்பது 75 டிகிரியில். செல்வம் எடுத்தது குளிர்ந்த எண்ணெயில். குளிரிலேயே 1782 என்றால் 75 டிகிரியில் 2000-ஐத் தாண்டிவிடும்.

இம்பீடன்ஸ் ஒத்துப்போவது இங்கே உதவாது. அதில் பெரும் பங்கு ரியாக்டன்ஸ்தான். ரெசிஸ்டன்ஸ் பதினைந்து சதவீதம் கூடினாலும் இம்பீடன்ஸ் இரண்டு சதவீதம்தான் நகரும்.

செல்வம், எல்வியை எதை வைத்து ஷார்ட் செய்தீர்கள்? எண்ணெய் எத்தனை டிகிரி இருந்தது?

---

பீன்யா_செல்வம் · சனி, இரவு 8.25

எண்ணெய் 30 டிகிரி. ஷார்ட் செய்ய 10 ஸ்கொயர் எம்எம் கேபிள் துண்டு இரண்டு, லக் அடித்து புஷ்ஷிங் நட்டில் மாட்டினோம். இரண்டு நிமிஷத்தில் லக் பக்கம் கை வைக்க முடியாத சூடு. ஒரு லக்கின் கீழ் பழைய பெயின்ட் ஒட்டியிருந்ததை இப்போது போய்ப் பார்த்தேன்.

---

ராஜாஜிநகர்_வரதன் · சனி, இரவு 8.50

அங்கேதான் போகிறது உங்கள் வாட். ஹெச்வியில் 4.4 ஆம்பியர் என்றால் எல்வியில் 112 ஆம்பியர். ஒரு மில்லி ஓம் கான்டாக்ட் இருந்தாலே அதில் பன்னிரண்டரை வாட் எரியும். பெயின்ட் மேல் உட்கார்ந்த லக்கில் ஐந்தாறு மில்லி ஓம் சாதாரணமாக வரும். மெல்லிய கேபிளின் ரெசிஸ்டன்ஸும் சேர்த்தால் நூறு, நூற்றைம்பது வாட் வெளியிலேயே போய்விடும். வாட்மீட்டருக்கு அது வைண்டிங்கில் எரிந்ததா, லக்கில் எரிந்ததா என்று தெரியாது.

தடித்த காப்பர் பட்டை போடுங்கள். தொடும் இடத்தை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, நட்டை நன்றாக இறுக்குங்கள். கரண்டை அதே 4.4-க்கு வையுங்கள். சீக்கிரம் ரீடிங் எடுத்துவிட்டு அணையுங்கள், வைண்டிங் சூடேறக் கூடாது. ஹெச்வி, எல்வி இரண்டின் டிசி ரெசிஸ்டன்ஸும் லைனுக்கு லைன் அளந்து எழுதுங்கள், வெப்பக் கணக்குக்கு அது வேண்டும்.

---

பீன்யா_செல்வம் · ஞாயிறு, மாலை 3.30

இன்று கடைக்கு லீவு, நானும் ஹெல்பர் ஒருவரும் மட்டும் வந்து செய்தோம்.

ஓபன் சர்க்யூட், மூன்று எல்பிஎஃப் மீட்டரில் 112, 68, 86. மொத்தம் 266 வாட். கரண்ட் 3.4, 2.6, 3.5. குறைந்தது நடு ஃபேஸ்தான், நீங்கள் சொன்ன மாதிரியே.

ஷார்ட் சர்க்யூட், 50 க்கு 6 காப்பர் பட்டையில். அதே 4.4 ஆம்பியருக்கு இந்த முறை 407 வோல்ட்டே போதுமாக இருந்தது. மீட்டர் 1387, பின்னால் 287. வித்தியாசம் 1100. எண்ணெய் 30 டிகிரிதான். பட்டை வெதுவெதுப்புக்கூட இல்லை.

டிசி ரெசிஸ்டன்ஸ் லைனுக்கு லைன் ஹெச்வி 18.9 ஓம், எல்வி 24.7 மில்லி ஓம்.

---

கார்த்திக்_ஃபைனல்இயர் · ஞாயிறு, மாலை 4.00

1100-ஐ 1.424-ஆல் பெருக்கினால் 1566. 75 டிகிரிக்குக் காப்பருக்கு 310-ஐ 265-ஆல் வகுத்து 1.17. அதனால் 1832 வாட்.

---

ராஜாஜிநகர்_வரதன் · ஞாயிறு, மாலை 5.15

1566 வரை சரி. மொத்தத்தையும் 1.17-ஆல் பெருக்கக் கூடாது. அந்த 1566-இல் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. கம்பியின் ரெசிஸ்டன்ஸில் எரிவது சூட்டோடு கூடும். சிதறிய காந்தப் புலத்தால் கம்பியிலும் டேங்கிலும் கிளாம்ப்பிலும் சுழலும் கரண்டின் லாஸ், சூடேற ஏறக் குறையும். அதைத் தனியாகப் பிரிக்கத்தான் டிசி ரெசிஸ்டன்ஸ் கேட்டேன். லைனுக்கு லைன் அளந்திருந்தால் ஸ்டாரோ டெல்டாவோ, இந்தக் கணக்கு போதும்:

```
HV : 1.5 x 5.25² x 18.9     = 781 W
LV : 1.5 x 133.3² x 0.0247  = 658 W
I²R (30°C)                  = 1439 W
stray (30°C) = 1566 - 1439  = 127 W
75°C : 1439 x 1.17 + 127 / 1.17 = 1792 W
```

1792. பிளேட்டை விட 32 வாட் அதிகம், இரண்டு சதவீதத்துக்கும் கீழே. புதிதாகக் கட்டிய வைண்டிங்குக்கு நல்ல முடிவு. ஒரு எச்சரிக்கை, இந்த ரீடிங் இன்னும் யூபிஎஃப் மீட்டரில் எடுத்ததுதான். 1100-இல் 30 வாட் தவறு என்றால் மூன்று சதவீதம். அந்த 32 வாட் நிஜமா, மீட்டரா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பார்ட்டி கறாராகக் கேட்டால் சதாசிவநகர் பக்கம் சிபிஆர்ஐ இருக்கிறது, அங்கே காசு கட்டி அளந்துகொள்ளலாம்.

---

பொம்மசந்திரா_மேரி · ஞாயிறு, மாலை 6.10

266-க்கு நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஆறு வாட் யோக்கைப் பிரித்து அடுக்கியதில்தான் கூடியிருக்கும் என்பது என் எண்ணம். பழைய கோரைத் திரும்ப அடுக்கினால் கொஞ்சம் கூடாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை.

---

ராஜாஜிநகர்_வரதன் · ஞாயிறு, இரவு 7.00

இருக்கலாம் மேடம். ஆனால் மீட்டரின் தவறே நாலரை வாட். தவிர, எரியும் முன்பு இந்தக் கோர் எவ்வளவு காட்டியது என்று நம்மிடம் அளவு கிடையாது. பிளேட்டில் இருப்பது கம்பெனி அடித்த எண், இந்த ஒரு டிரான்ஸ்பார்மரில் அளந்ததாக இருக்க வேண்டியதில்லை.

---

பீன்யா_செல்வம் · திங்கள், இரவு 9.20

பார்ட்டி வந்து பார்த்தார். டெஸ்ட் ஷீட்டில் மூன்று மீட்டர் ரீடிங்கையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தேன். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர் முன்னால் ஓபன் சர்க்யூட்டைத் திரும்பக் காட்டும்போது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரில் போட்டோம். அதே 433 வோல்ட்டுக்கு 281 வாட் காட்டியது. மல்டிமீட்டரில் ஃப்ரீக்வென்சி 50.9. வயரிங் ஒன்றையும் மாற்றவில்லை. இது ஏன் சார்?

---

ராஜாஜிநகர்_வரதன் · திங்கள், இரவு 10.05

ஃப்ரீக்வென்சி கூடினால், அதே வோல்டேஜில் கோரில் ஃப்ளக்ஸ் குறையும், லாஸ் கூடக் காரணமில்லை. எனக்குச் சந்தேகம் அலையின் வடிவத்தில். ஃப்ளக்ஸின் உச்சத்தை முடிவு செய்வது வோல்டேஜின் சராசரி, நம் மீட்டர் காட்டும் ஆர்எம்எஸ் அல்ல. ஜெனரேட்டர் அலை தலை தட்டையாக இருந்தால், அதே 433 ஆர்எம்எஸ்ஸில் சராசரி கூடியிருக்கும். அப்படியானால் கோர் நிஜமாகவே அதிகம் எரிக்கும். ஆனால் அலையைப் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். சராசரியை அளக்கும் பழைய ரெக்டிஃபையர் வகை வோல்ட்மீட்டர் பட்டறையில் இருக்கிறதா? இருந்தால் மெயின்ஸில் ஒருமுறை, ஜெனரேட்டரில் ஒருமுறை, இரண்டிலும் மல்டிமீட்டர் 433 காட்டும்போது அது என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள்.

---

பீன்யா_செல்வம் · திங்கள், இரவு 10.20

மரப்பெட்டியில் ஒன்று இருக்கிறது சார், டயலில் அந்த டயோடு குறி போட்டது. அடுத்த டிரான்ஸ்பார்மர் வியாழக்கிழமை மேஜைக்கு வருகிறது, அன்றைக்கு இரண்டிலும் எடுத்து இங்கேயே போடுகிறேன்.